நாற்பத்தொரு தடவை

மாதத்தின் முதல் ஞாயிறன்று எங்கள் வீட்டில் யூபிஐ விசாரணை நடக்கும். நானே நீதிபதி. குற்றவாளி யார் என்பதும் முன்பே முடிவானது: என் மனைவி. எங்களுக்கு வங்கிக் கணக்கு ஒன்று, அதிலிருந்து பணம் செலுத்தும் கைப்பேசிகள் இரண்டு. நோட்டை நீட்டும்போது கூசுகிற கை ஸ்கேன் செய்யும்போது கூசுவதில்லை என்று திருச்சி முழுக்கப் பிரசங்கம் செய்தவன் நான். பூவுக்குப் பத்து, கீரைக்கு இருபது என்று அவளுடைய ஒவ்வொரு செலவுக்கும் விளக்கம் கேட்பேன். போன வருடத்தோடு அவள் பூ வாங்குவதையே விட்டுவிட்டாள்.

இந்த மே மாத விடுமுறைக்கு, இலங்கையில் கண்டிக்குப் பக்கத்து ஊரான வத்தேகமவில் இருக்கும் அவள் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தோம். கிளம்பும் முன்பே ஆப்பில் வெளிநாட்டுப் பயன்பாட்டை இயக்கி வைத்திருந்ததால், கண்டிக் கடைகளிலும் நம் யூபிஐ வேலை செய்தது. சனிக்கிழமை ஒரு கடையில், குளிர் தாங்காத தன் அம்மாவுக்காக அவள் ஒரு ஸ்வெட்டரை எடுத்துப் பார்த்தாள். விலை மூவாயிரத்து எண்ணூறு. நம் காசில் ஆயிரத்துச் சொச்சம்.

"மொதல்ல பத்தும் இருபதுமா விடுற ஓட்டைய அடை. அப்புறம் பாக்கலாம்" என்றேன். கடைக்காரர் காதில் விழும்படிதான் சொன்னேன். அவள் அதை மடித்து வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

மறுநாள் முதல் ஞாயிறு. மாமியாரும் மச்சானும் இருக்கும்போதே வங்கிப் பட்டியலைத் திறந்தேன். ஒரு பெண்ணின் பெயர் திரும்பத் திரும்ப வந்தது. முப்பது, முப்பது, முப்பது. நாற்பத்தொரு தடவை! கூட்டினால் ஆயிரத்து இருநூற்று முப்பது.

"யாரு இவ? எனக்குத் தெரியாம சீட்டு கட்டுறியா?"

அவள் முகம் சிவந்தது. குரல் மட்டும் உயரவில்லை. "எனக்குத் தெரியாதுங்க. ஒங்க ஆப்புல அந்தப் பேரப் போட்டுத் தேடுங்க."

தேடினேன். வரிசையாக வந்து நின்றது. அத்தனையும் என் கைப்பேசியிலிருந்து போனவை. காலை பதினொன்றுக்கு ஒன்று, மாலை நான்கரைக்கு ஒன்று. எங்கள் அலுவலக வாசல் டீக்கடை! ஒரு டீ, ஒரு வடை. கடைக்காரர் தன் மனைவியின் கணக்கில் க்யூஆர் அட்டை வாங்கி ஒட்டியிருக்கிறார். ஸ்கேன் செய்யும்போதெல்லாம் அந்தப் பெயர் என் கண் முன்னால்தான் வந்திருக்கிறது. ஒரு நாளும் நான் படித்ததில்லை.

"டீக்கடை" என்றேன். செத்துவிடலாம் போல் வெட்கமாக இருந்தது.

"சரி விடுங்க மாப்புள, டீ குடிக்காம இருக்க முடியுமா" என்றார் மச்சான். அவர் திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். மாமியார் எனக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டு வந்தார்.

திங்கட்கிழமை அதே கடைக்கு நானே அவளை அழைத்துப் போனேன். ஸ்வெட்டரை எடுத்து மேசையில் வைத்துவிட்டுக் கைப்பேசியை நீட்டினேன்.

"வேணாங்க" என்றாள். அண்ணனிடம் வாங்கி வந்த நோட்டுகளை எண்ணிக் கொடுத்தாள். "இது ஒங்க பட்டியல்ல வரக் கூடாது."