குட் மார்னிங் மேடம், அப்புறம் ஒரு மெயில்

கடைசி இன்டர்வியூ முடிந்து இரண்டு வாரம் ஆகியும் அந்த எச்.ஆர். மேடத்திடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. அதற்கு முன்னால் என்னா பேச்சு! "சர்டிபிகேட் அனுப்பிட்டீங்களா, நாளைக்கு வீடியோ கால், நெட் ஒழுங்கா இருக்குமா" என்று நாளுக்கு நாலு போன் வரும். கடைசி சுற்றில் ஜெனரல் மேனேஜரே பேசினார், சிரித்தார், எப்போது சேர முடியும் என்று கேட்டார். "ஒரு வாரத்துல சொல்லிடுறோம்" என்றார் மேடம். அதோடு சரி. கிணற்றில் போட்ட கல்.

வேலை மதுரையில், ஒரு பெரிய ஹோட்டலின் ரூம் புக்கிங் பிரிவில். நான் கொடைக்கானல் அட்டுவம்பட்டிப் பக்கம் ஒரு ரிசார்ட்டில் அதே புக்கிங் வேலைதான் பார்க்கிறேன். வீட்டுக்காரர் மதுரையில் ஒரு பைக் ஷோரூமில் மெக்கானிக். கல்யாணமான நாளிலிருந்து நான் மேலே, அவர் கீழே. வாரம் ஒருநாள் பஸ் ஏறி வருவார், சாப்பிடுவார், தூங்குவார், மறுநாள் வெள்ளனே கிளம்பிவிடுவார். இதற்குப் பெயர் குடும்பமா என்று எனக்கே எரிச்சல் வரும். இந்த வேலை கிடைத்தால் இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருக்கலாம். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

இதற்கு நடுவில் எங்கள் மேனேஜர் வேறு நெருக்கினார். ஏப்ரல் பிறந்தால் சீசன், மலை முழுக்க கார் நிற்கும். "சீசன் முழுக்க இருப்பீங்களா, இல்லையா? வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லும்மா, நான் ஆள் பாக்கணும்" என்றார். அவர் கேட்டதிலும் தப்பில்லை. நடு சீசனில் விட்டுப்போனால் அந்த மனுஷன் பாடு திண்டாட்டம்தான்.

கவலையைவிட எனக்கு அப்போது குடைச்சல்தான் அதிகம். அங்கே என்னதான் நடக்கிறது? மேடம் லீவா? வேலையே இல்லை என்று ஆகிவிட்டதா? நான் பேசியதில் ஏதாவது பிசகா? பல் தேய்க்கும்போதும் அதே யோசனை.

கேட்காமலும் இல்லை. வாட்ஸப்பில் "குட் மார்னிங் மேடம்" என்று அனுப்பினேன், பனி மூடிய ஏரிப் படம் ஒன்றோடு. அவர் பதில் போட்டதும் மெதுவாக விஷயத்துக்கு வரலாம் என்று எண்ணம். நீலக் குறி விழுந்தது, பதில் இல்லை. மறுநாளும் குட் மார்னிங். அதற்கடுத்த நாள் பேரிஜம் ஏரிப் படத்தோடு ஒரு குட் மார்னிங்.

என்னோடு ரிசப்ஷனில் நிற்கும் பெண் ஒருநாள் என் போனை எட்டிப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். என்னைவிடச் சின்னவள், வாய் மட்டும் ஊருக்குப் பெரிசு.

"யக்கா, என்ன பண்ணிக்கிட்டு இருக்கீங்க? வேல கேக்குறீங்களா, டூரிஸம் நடத்துறீங்களா?"

"எடுத்த எடுப்புல கேட்டா நல்லாவா இருக்கும்? மரியாத வேணாமா?"

"குட் மார்னிங்குக்கு அவங்க என்னத்தச் சொல்லுவாங்க? திரும்ப குட் மார்னிங்தான. அவங்களுக்கு ஆயிரம் சோலி கெடக்கும். நம்ம என்ன கேக்குறோம்னு நம்மதான சொல்லணும்? ரூம் கேட்டு எழுதிட்டு சத்தமே இல்லாம போற கெஸ்ட்டுக்கு நீங்க எப்படி எழுதுவீங்க? அதே மாதிரி எழுதுங்க."

சுருக்கென்று இருந்தது. அதைத்தானே தினமும் செய்கிறேன்? அவர்கள் அனுப்பிய பழைய மெயிலுக்கே பதிலாக எழுதுவேன், அப்போதுதான் யார், எந்தத் தேதி என்று அவர்கள் தேட வேண்டாம். ஒரே ஒரு கேள்வி கேட்பேன். வேண்டாம் என்றாலும் சொல்லிவிடுங்கள், வருத்தமில்லை என்று முடிப்பேன். பாதிப் பேர் உடனே பதில் போடுவார்கள்.

அப்படி யோசித்தபோதுதான் இன்னொன்றும் பிடிபட்டது. ஒரே ரூமை இரண்டு பார்ட்டி கேட்டால், முதல் பார்ட்டி உறுதி சொல்லும்வரை இரண்டாவது பார்ட்டிக்கு நான் இல்லை என்றும் சொல்ல மாட்டேன், உண்டு என்றும் சொல்ல மாட்டேன். பேசாமல் வைத்திருப்பேன். நான் இப்போது இரண்டாவது பார்ட்டியோ? கேட்டே தீர வேண்டும் என்ற ஆசை இன்னும் ஏறியது.

இன்டர்வியூவுக்கு அழைத்த மெயிலையே எடுத்து அதற்குப் பதிலாக எழுதினேன். முதலில் எழுதியதில் தொந்தரவுக்கு மன்னிக்கவும் என்று மூன்று இடத்தில் இருந்தது. ரிசப்ஷன் பெண் மூன்றையும் அடிக்கச் சொன்னாள். "நீங்க என்ன களவாண்டீங்களா?" கடைசியில் நின்றது இவ்வளவுதான்: இன்டர்வியூவுக்கு நன்றி, இந்தத் தேதியில் இந்த வேலைக்குக் கடைசிச் சுற்று முடிந்தது, எனக்கு இன்னமும் விருப்பம் இருக்கிறது. இப்போதைய இடத்தில் சீசனுக்கு இருப்பேனா என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டியிருப்பதால் நிலவரம் தெரிந்தால் உதவியாக இருக்கும். இன்னும் முடிவாகவில்லை என்றால் எப்போது தெரியும் என்று சொன்னாலே போதும். வேறொருவரை எடுத்திருந்தாலும் தயங்காமல் சொல்லுங்கள்.

காலையில் அனுப்பினேன். மறுநாள் மத்தியானம் போன் வந்தது. மேடமேதான்.

"சாரிங்க, நானே கூப்பிட்டிருக்கணும். ஒளிச்சுப் பேச விரும்பல. நீங்க ரெண்டாவது சாய்ஸ். முதல் ஆள் யோசிக்க டைம் கேட்டிருந்தாரு. அவர் வரலன்னா நீங்கதான். அதான் உங்களுக்கு இல்லன்னு சொல்ல மனசு வரல. நேத்து சாயங்காலம் அவர் சேர்றேன்னு மெயில் போட்டுட்டாரு."

"பரவால்லங்க மேடம். சொன்னீங்களே, அது போதும்."

"உங்க மெயில் பாத்ததும்தான் இன்னைக்கே கூப்பிட்டுச் சொல்லிடணும்னு தோணுச்சு. அடுத்து எடம் வந்தா உங்களக் கூப்பிடுவேன்."

போனை வைத்தேன். என் ஊகம் அச்சு அசலாகப் பலித்திருந்தது. அதில் ஒரு அற்பப் பெருமை வந்ததையும் மறைக்க மாட்டேன். அடுத்த நிமிஷம்தான் உறைத்தது. இன்னொரு சீசன் தனியாக. இதை வீட்டுக்காரரிடம் எப்படிச் சொல்வது?

சுற்றி வளைக்கவில்லை. போன் எடுத்ததும் சொன்னேன்: "ஏங்க, மதுர வேல கெடைக்கல."

"அப்ப நான் மேல வந்துறவா?" என்றார்.

"என்ன சொல்றீங்க?"

"ஒங்க பக்கம் பெருமாள்மலையில பைக் வொர்க்ஷாப் வச்சிருக்காருல்ல, அந்த அண்ணே, அவரு என்னைய வரச் சொல்லிக் கேட்டாரு. சம்பளம் கொஞ்சம் கம்மிதான். யோசிச்சுச் சொல்றேன்னேன்."

"எப்பக் கேட்டாரு?"

"உனக்குக் கடைசி இன்டர்வியூ நடந்துச்சுல்ல, அந்த வாரம்."

"ஏங்க! எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையே!"

"நீ மதுர மதுரன்னு அவ்வளவு ஆசையா இருந்த. நடுவுல இதச் சொல்லி எதுக்குக் கொழப்பணும்? ஒனக்குச் சேதி வரட்டும்னு இருந்தேன்."

"அவருக்கு என்ன சொல்லி வச்சிருக்கீங்க?"

"ஒண்ணும் சொல்லல."

எனக்கு வந்த கோபத்தில் கவுண்டரில் கெஸ்ட் நிற்பதுகூட மறந்துவிட்டது. "ரெண்டு வாரமா ஒரு மனுஷனுக்குப் பதில் சொல்லாமயா இருந்தீங்க? இப்பவே போன் அடிங்க. வெரசா! ஆள் போட்டிருந்தாலும் சரி, கேட்டுட்டு வைங்க."

கெஸ்ட்டுக்குச் சாவி கொடுத்து, பெட்டி தூக்க ஆள் அனுப்பி முடிப்பதற்குள் திரும்பக் கூப்பிட்டார்.

"ஆள் போடலையாம். ஒண்ணாந்தேதி வரச் சொல்லிட்டாரு." பேச முடியாமல் சிரித்துக்கொண்டிருந்தார். "நானே ஒருதரம் கூப்பிட்டுக் கேக்கலாம்னுதாம்ப்பா இருந்தேன், நீ தொந்தரவா நெனச்சுக்குவியோன்னு பேசாம உக்காந்துட்டேங்கிறாரு."

நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அழுதுவிட்டேன். பக்கத்தில் நின்றவள் என்ன ஏது என்று தெரியாமல் டிஷ்யூ பெட்டியை நீட்டினாள்.