பத்துப் பத்தாக அடுக்கிய மதிப்பெண்கள்

அந்தப் படத்தைப் பத்துப் பத்தாகப் போட்டது நான்தான். பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வு, கணக்குப் பாடம். ஏ பிரிவு என்னுடையது, பி பிரிவு அந்த வருடம்தான் புதிதாகச் சேர்ந்த ஒரு டீச்சருடையது. பூந்தமல்லியைத் தாண்டி நசரத்பேட்டைப் பக்கம் இருந்த அந்தப் பள்ளியில் அப்போது நான் பதினேழு வருடம் முடித்திருந்தேன். நோட்டைப் பார்க்காமலே கரும்பலகையில் கணக்குப் போடுவேன் என்று எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. அதை மறைத்து என்ன ஆகப் போகிறது?

எங்கள் தாளாளருக்குப் பட்டியல் என்றால் அலர்ஜி. பள்ளி நிற்கும் நிலம் அவருடைய அப்பா நெல் விதைத்த நிலம். புதுக் குடியிருப்புகளில் இருந்து வரும் பெற்றோர் லேப்டாப்பும் கையுமாகக் கேள்வி கேட்க ஆரம்பித்த பிறகு, அவரும் எல்லாவற்றையும் படமாகப் பார்க்க ஆசைப்பட்டார். "நம்பரா வேணாம் டீச்சர், படமா போட்டுக் காட்டுங்க" என்றார். பாடப்புத்தகத்தில் நிகழ்வுச் செவ்வகம் என்று இருப்பதைத்தான் போட்டேன்: ஓர் இடைவெளிக்குள் எத்தனை பேரோ, அந்த உயரத்துக்கு ஒரு செவ்வகம். பிரிவு இடைவெளி பத்து. ஏன் பத்து என்று யாராவது கேட்டிருந்தால் பதில் இருந்திருக்காது. புத்தகத்துக் கணக்கு எல்லாம் பத்துப் பத்தாகத்தான் இருக்கும், கை தானாகப் பத்து என்று தட்டிவிட்டது.

ஜனவரியில் பள்ளி திறந்த முதல் வாரம், மதியம் மூன்று மணிக்கு எங்கள் இருவரையும் ஸ்மார்ட் கிளாஸ் அறைக்குக் கூப்பிட்டார். போகும் வழியில் அலுவலக பெஞ்சில் கஞ்சி போட்ட காட்டன் புடவையில் ஒரு பெண், மடியில் ஃபைலோடு உட்கார்ந்திருந்தார். யார் என்று கிளார்க்கிடம் கேட்டேன். "கணக்கு டீச்சர் இண்டர்வியூ மேடம்" என்றான். என் கூட வந்தவளுக்கும் அது கேட்டுவிட்டது. அவள் வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. கணவனுடைய ஆவடி வேலையை நம்பித் திருநெல்வேலியில் இருந்து வந்தவர்கள். அந்த வேலை தீபாவளிக்கு முன்பே போய்விட்டது. ஏழு வயது மகள் எங்கள் பள்ளியிலேயே ஆசிரியர் சலுகையில் படித்துக்கொண்டிருந்தாள். அம்மா போனால் மகளும் போக வேண்டியதுதான். நடக்கும்போது அவள் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே வந்தாள்.

திரையில் முதலில் என் பிரிவு வந்தது. நாற்பத்திரண்டு பேர். நாற்பதுகளிலும் ஐம்பதுகளிலும் பத்துப் பத்துப் பேர், இரண்டு பக்கமும் மெதுவாக இறங்கும் சாதுவான மேடு. தாளாளர் தலையை ஆட்டினார். அடுத்தது பி பிரிவு. நாற்பது பேர். முப்பது முதல் முப்பத்தொன்பது வரை உள்ள செவ்வகம் மட்டும் பதினாறு பேரோடு ஓங்கி நின்றது. அதற்கு இடப்பக்கம் இருபதுகளில் ஐந்து பேர், அதற்கும் கீழே இரண்டு பேர்.

"இன்னா டீச்சர் இது? பாஸ் மார்க்கு முப்பத்தஞ்சு. இந்தாண்ட ஏழு, இங்க பதினாறு. இருபத்தி மூணு பேரு தேறலையா? மார்ச்சுல பரீட்சைய வெச்சுக்கினு இப்புடிக் கீது?"

"இல்ல சார். எட்டுப் பேருதான் ஃபெயில்" என்றாள் அவள்.

"அப்ப இது இன்னா? நான் கண்ணால பாக்கறத நம்பறதா, நீ சொல்றத நம்பறதா?"

அவள் என்னைப் பார்த்தாள். "மேடம், பத்துல போட்டா முப்பதும் முப்பத்தொம்பதும் ஒரே செவ்வகத்துல போயிரும். பாஸ் மார்க் நடுவுல மாட்டிக்கிட்டு இருக்கு. அஞ்சுல போட்டுக் காட்டுங்களேன்."

நியாயமான பேச்சு. முப்பத்தைந்து என்ற கோடு அந்தச் செவ்வகத்தின் வயிற்றுக்குள் புதைந்து கிடந்தது. அதை நான் முன்பே கவனித்திருக்க வேண்டும். இடைவெளிக்கான கட்டத்தில் பத்தை அழித்து ஐந்து என்று தட்டினேன். பதினாறு இரண்டாகப் பிளந்தது. முப்பது முதல் முப்பத்துநான்கு வரை ஒரே ஒருவன். முப்பத்தைந்து முதல் முப்பத்தொன்பது வரை பதினைந்து பேர். ஒரு மதிப்பெண்கூட மாறவில்லை, படம் மட்டும் வேறு கதை சொன்னது.

"அடடே!" என்றார் தாளாளர். முகம் மலர்ந்துவிட்டது. "அல்லாரும் கோட்டைத் தாண்டிக்கினாங்களே! நல்ல வேளை, தப்பா பேசிட்டேன் டீச்சர், மனசுல வெச்சுக்காத." அவள் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. நானும் லேப்டாப்பை மூடக் கையை வைத்தேன்.

"இருங்க இருங்க" என்றார். பொம்மை கிடைத்த குழந்தையின் சந்தோஷம் அவருக்கு. "பத்து போட்டா ஒண்ணு, அஞ்சு போட்டா ஒண்ணு. இன்னும் கொறைச்சுக்கினே போனா இன்னா ஆவும்? ஒண்ணு போடுங்க பாப்போம்."

என் கை அப்படியே நின்றுவிட்டது. என்ன வரும் என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்.

"ஒண்ணுல போட்டா படம் எதுக்கும் உதவாது சார்" என்றேன். "நாப்பது பசங்க, நூறு கட்டம். அங்க ஒண்ணு இங்க ரெண்டுன்னு பல்லு போன சீப்பு மாதிரி இருக்கும். தற்செயலா வர்ற மேடு பள்ளத்த எல்லாம் பெரிசா காட்டிடும்." நான் சொன்னது பொய் இல்லை. இவ்வளவு குறைந்த பேருக்கு இடைவெளியை ரொம்பச் சுருக்கினால் வகுப்பின் உருவமே தெரியாமல் போய்விடும். வகுப்பிலும் அப்படித்தான் சொல்லிக் கொடுப்பேன். ஆனால் அன்று நான் அதைச் சொன்னது கணக்குக்காக இல்லை.

"சீப்பா இருந்தா இருந்துட்டுப் போவட்டும். போடுங்க."

போட்டேன். சொன்னபடி எல்லா இடத்திலும் ஒல்லி ஒல்லியான குச்சிகள், நடுநடுவே ஓட்டைகள். முப்பதில் ஒன்று. முப்பத்தொன்று, இரண்டு, மூன்று, நான்கு, எதிலும் ஆள் இல்லை. முப்பத்தைந்தில் மட்டும் ஒரே கம்பமாகப் பதினொரு பேர். தற்செயலில் ஓட்டை விழும், பதினொரு பேர் கைகோத்துக்கொண்டு கோட்டின் மேல் வந்து நிற்கமாட்டார்கள். அதைப் புரிந்துகொள்ளத் தாளாளருக்குக் கணக்குப் படிப்பு தேவைப்படவில்லை.

அவர் அந்தக் கம்பத்தை நோக்கி விரலை நீட்டினார். பிறகு மெதுவாக, "மார்க்கு போட்டுத் தள்ளி வுட்டுக்கீறியா?" என்றார். அந்தக் குரல் சத்தத்தைவிடப் பயமாக இருந்தது. "முப்பத்தொண்ணு எடுத்த புள்ளைக்கு முப்பத்தஞ்சு போட்டா, அவன் பாஸுன்னு நெனச்சுக்கினு தூங்குவான். மார்ச்சுல போய் வுழுவான். அவங்கப்பன் வந்து என் சட்டையப் புடிப்பான். ஏமாத்து வேலை இது." கதவுப் பக்கம் திரும்பினார். "வெளிய ஒரு அம்மா குந்திக்கினு கீறாங்க. அவங்கள வரச் சொல்லட்டுமா?"

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஜூன் மாதம், அவள் சேர்ந்த முதல் வாரம், ஆசிரியர் அறையில் அந்த வழக்கத்தை அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். "முப்பத்தொண்ணு வந்துட்டா முப்பத்தஞ்சாக்கிடும்மா. எங்கயாவது ஒரு ஸ்டெப்புக்கு மார்க் போட்டா ஆச்சு. நடுவுல இருக்குற நாலு நம்பர் நம்ம ஸ்கூல்ல கிடையாது" என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். பாவம் பிள்ளைகள் என்று எங்களுக்குள் பேர். பெற்றோர் வந்து நிற்கமாட்டார்கள், நமக்கும் நிம்மதி என்பதுதான் நிஜம். அவள் தயங்கினாள். நான்தான் "போகப் போகப் பழகிடும்" என்றேன்.

இப்போது அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். "மேடம்தான் சொன்னாங்க" என்றால் தீர்ந்தது. அவள் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. புரொஜெக்டரின் விசிறி ஓடிக்கொண்டிருந்தது. நிரந்தர வேலை, வீட்டுக் கடன், பதினேழு வருட மரியாதை எல்லாம் மனதில் வரிசைகட்டி நின்றன. என் பிரிவில் முப்பதுகளில் ஒன்பதே பேர். பத்து அகலச் செவ்வகத்துக்குள் அவர்கள் பத்திரமாக ஒளிந்திருந்தார்கள். என்னை யாரும் கேட்கவில்லை. தாளாளர் எழுந்து கதவு வரை போய்த் தாழ்ப்பாளில் கை வைத்துவிட்டார்.

"சார், ஒரு நிமிஷம்" என்றேன். என் பிரிவைத் திறந்தேன். இடைவெளிக் கட்டத்தில் ஒன்று என்று தட்டினேன். அந்தச் சாதுவான மேடு பொலபொலவென்று உதிர்ந்தது. முப்பத்தொன்று முதல் முப்பத்துநான்கு வரை காலி. முப்பத்தைந்தில் ஏழு பேர்.

அவர் திரும்பி வந்து திரைக்குக் கிட்டே நின்று பார்த்தார். "இது யாருது?"

"என்னுது சார். அவங்களுக்கு இப்படிப் போடச் சொன்னதும் நான்தான். நான் வந்த வருஷத்துல இருந்தே போட்டுக்கிட்டு இருக்கேன்."

திட்டுவார் என்று நினைத்தேன். நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இத்தினி வருஷமா என் ஸ்கூல்ல நடக்குது, நான் படம் பாத்துக்கினு கீறேன்" என்றார். பிறகு கிளார்க்கைக் கூப்பிட்டு, வெளியே இருந்த அம்மாவுக்கு டீ கொடுத்து அனுப்பச் சொன்னார். எங்களைப் பார்த்து, "ரெண்டு பேரும் பேப்பர் கட்ட எடுங்க. உள்ளத உள்ளபடி போட்டு, அந்தப் புள்ளைங்க அப்பன் ஆத்தாவ நீங்களே கூப்ட்டுச் சொல்லுங்க. அப்பால உங்க ரெண்டு பேரைப் பத்தி நான் யோசிக்கிறேன்" என்றார்.

மறுநாள் சாயங்காலம் வரை இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து திருத்தினோம். அவளுடைய பதினொரு பேரில் ஒருவனும், என் ஏழு பேரில் ஒருத்தியும் உண்மையாகவே முப்பத்தைந்து எடுத்திருந்தார்கள். அந்த இரண்டு விடைத்தாள்களையும் நாங்கள் நம்பாமல் மும்முறை கூட்டிப் பார்த்தோம். மற்ற பதினாறு பேரும் கோட்டுக்குக் கீழே இறங்கினார்கள். ஐந்து அகலத்தில் மறுபடி படம் போட்டபோது முப்பது முதல் முப்பத்துநான்கு வரை இரண்டு பிரிவிலும் ஒரு மேடு எழுந்து நின்றது. பதினேழு வருடத்தில் அந்த நாலு நம்பரில் ஆள் இருந்து நான் பார்த்தது அதுதான் முதல் முறை.

அவள் வேலை தப்பியது. ஏப்ரலில் நிரந்தரமும் ஆனது. எனக்கு எழுத்தில் ஓர் எச்சரிக்கை வந்தது, அதற்கு நான் தகுதியானவள்தான்.

திருத்தி முடித்த அன்று இருவரும் மெட்ரோ தூணுக்குக் கீழே பஸ்ஸுக்கு நின்றிருந்தோம். அவள் நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்தேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

"நீங்க சொல்லுவீங்கன்னு எனக்குத் தெரியும் மேடம்" என்றாள். என்னைப் பார்க்காமல் சாலையைப் பார்த்தபடியே பேசினாள். "ஆனா அவரு கதவத் தொடுற வரைக்கும் பாத்துக்கிட்டு இருப்பீங்கன்னு நெனைக்கல."

அவளுடைய பஸ் முதலில் வந்தது. ஏறிக்கொண்டாள்.