சார் என்று அடித்தால் வருகிற சொல்

எங்கள் கம்பெனி கேட்டில் நுழையும்போதே சொந்த போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும். ஆபீஸில் இருப்பவர்களுக்கு அந்தச் சட்டம் கிடையாது, எங்களுக்குத்தான். கும்மிடிப்பூண்டி எஸ்டேட்டில் பிளாஸ்டிக் பார்ட் செய்கிற யூனிட் எங்களுடையது. பேக்கிங் செக்ஷன் முழுக்கப் பெண்கள். அந்த செக்ஷனுக்கென்று கம்பெனி ஒரே ஒரு போன் கொடுத்திருந்தது. திரை ஒரு மூலையில் விரிசல் விட்ட மட்டமான போன். எத்தனை பெட்டி போச்சு, எது வரவில்லை, எந்த மெஷின் நின்றது, எல்லாவற்றையும் அதிலிருந்துதான் குரூப்பில் போட வேண்டும். மேனேஜர் சென்னையில் உட்கார்ந்துகொண்டு அதைப் படிப்பார்.

நாங்கள் எழுதுவது தமிழ், அடிப்பது இங்கிலீஷ் எழுத்து. நடுநடுவே நிஜமான இங்கிலீஷும் வரும். அந்தக் கீபோர்டுக்கு எங்கள் பேச்சு பிடிக்காது. நாம் ஒன்று அடித்தால் அதற்குத் தெரிந்த இங்கிலீஷாக மாற்றிக்கொள்ளும். ஒருநாள் ‘கன்டெய்னர் வரல’ என்று அடித்து அனுப்பினேன். குரூப்பில் போய் நின்றது ‘கன்டெய்னர் கேரளா’. மேனேஜர் சூப்பர்வைசரைக் கூப்பிட்டு வண்டி ஏன் கேரளா போச்சு என்று கேட்டிருக்கிறார். சூப்பர்வைசர் வந்து என்னைக் காய்ச்சி எடுத்தார். அவருக்கு வயது என் வயதில் பாதி இருக்கும். “ஒரு மெசேஜ் ஒழுங்கா அடிக்கத் தெரியாதா, ஒரே பேஜாரா கீதும்மா உங்களோட” என்றார். அடித்தது நான்தான், மாற்றியது நான் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பிறகு நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். அது சொல்லை மாற்றிய உடனே பேக்ஸ்பேஸை ஒருமுறை தட்டினால் நாம் அடித்தது திரும்பி வந்துவிடும். அப்படியே பலமுறை செய்தால் போன் நம் சொல்லைக் கற்றுக்கொள்ளும், அப்புறம் மாற்றாது. கீபோர்டுக்கு மேலே இருக்கிற பட்டையில் அடுத்து வரவேண்டிய சொல்லை அதுவே எடுத்துக் கொடுக்கவும் செய்யும். இதை செக்ஷனில் எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்தேன்.

சூப்பர்வைசருக்கு அந்தப் பட்டை ரொம்பப் பிடித்துப் போனது. காலையில் அவர்தான் அந்த போனில் முதல் மெசேஜ் போடுவார். குட் மார்னிங் சார் என்று அடிப்பார், பிறகு பட்டையின் நடுவில் வருகிற சொல்லை மூன்று முறை தட்டுவார். டுடே, புரொடக்‌ஷன், ஸ்டேட்டஸ். திரையைப் பார்க்கவே மாட்டார். யாரையாவது திட்டிக்கொண்டே தட்டுவார்.

திட்டுவதைவிட அவர் செய்த பெரிய அநியாயம் வேறு. பாத்ரூம் போவதற்கு அவரிடம் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். டீ பிரேக்கிலும் சாப்பாட்டு நேரத்திலும் போகலாம், மற்ற நேரத்தில் கேட்டால், “இப்பதான போயிட்டு வந்த” என்பார். லோடு ஏற்றுகிற ஆம்பளைகள் பத்துப் பேர் பார்க்க ஒரு பெண் போய் நின்று அதைக் கேட்க வேண்டும். கேட்க வெட்கப்பட்டே பாதிப் பேர் தண்ணி குடிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

என் பக்கத்து டேபிளில் ஒருத்தி. கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்து ஆரணியிலிருந்து வருகிறவள், கான்ட்ராக்ட். என்னோடுதான் ரயிலில் வருவாள், என்னை அக்கா என்பாள். ஒருநாள் சாயங்காலம் ரயிலில், பக்கத்தில் யாரும் இல்லை என்று பார்த்துவிட்டுச் சொன்னாள், “அக்கா, எனக்கு நாலு மாசம். யாராண்டயும் சொல்லிடாத. தெரிஞ்சா நிறுத்திருவானுங்க.”

அது பொய் இல்லை. கான்ட்ராக்டில் வயிறு தெரிந்த பெண்ணுக்கு மறுமாதம் கேட்டில் உள்ளே விடுகிற பாஸ் வராது. யாரும் காரணம் சொல்ல மாட்டார்கள், காகிதத்தில் எதுவும் இருக்காது. அவள் வீட்டுக்காரர் கால் உடைந்து வீட்டில் இருந்தார். இந்த வேலை போனால் அவளுக்கு வேறு வழி இல்லை.

“அடக்கிகினு நிக்க முடியலக்கா. தெனமும் மேனேஜருக்கு அடிக்கிறேன். சார் டாய்லெட்டுக்கு விடல, நான் நாலு மாசம், அப்டின்னு. அடிச்சிட்டு அழிச்சிடறேன். அனுப்ப தெகிரியம் வரல.”

“எந்த போன்ல அடிக்கிற?”

“நம்ம செக்ஷன் போன்லதான். அழிச்சிடறேன்ல.”

அழித்தால் போச்சு என்று அவளும் நினைத்தாள், நானும் நினைத்தேன். அனுப்பாததை யார் பார்க்கப் போகிறார்கள் என்று இருந்துவிட்டோம்.

அடுத்த நாள் காலை சூப்பர்வைசர் லோடர் ஒருவரைத் திட்டிக்கொண்டே போனை எடுத்தார். குட் மார்னிங் சார் அடித்தார், நடுவில் மூன்று தட்டு, அனுப்பு. கொஞ்ச நேரத்தில் மேனேஜரிடமிருந்து போன். கேட்கக் கேட்க சூப்பர்வைசர் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது. குரூப்பில் நின்ற மெசேஜ் இதுதான்: குட் மார்னிங் சார் டாய்லெட் கு விடல.

எனக்கு முதலில் வந்தது சிரிப்பு. அவர் விரலே அவரைக் காட்டிக் கொடுத்துவிட்டதே என்று மனசுக்குள் குளிர்ந்துபோனேன். மேனேஜர், “யார் உன்னை விடலை” என்று கேட்டிருக்கிறார். சிரிப்பு அடங்கும்போதுதான் பக்கத்து டேபிள்காரி ஞாபகம் வந்தது. அவள் தினமும் திரும்பத் திரும்ப அடித்ததில் போன் அந்த வாக்கியத்தைப் பாடம் செய்துவிட்டிருக்கிறது. அனுப்பினாளா இல்லையா என்பது கீபோர்டுக்குக் கணக்கே இல்லை. அடித்தால் போதும்.

சூப்பர்வைசர் மெசேஜை அழித்துவிட்டு நேராக எங்கள் டேபிளுக்கு வந்தார். போனை எல்லோருக்கும் தெரியும்படி பிடித்துக்கொண்டார்.

“சார்னு அடிச்சா இன்னா வருது பாருங்க. டாய்லெட். அடுத்தது கு. அடுத்தது விடல. யாரோ தெனமும் இத அடிச்சிகினு கீறீங்க. யாரு?”

பக்கத்து டேபிளில் அவள் பெட்டியை ஒட்டிக்கொண்டே இருந்தாள், ஒட்டின டேப்பின் மேலேயே திரும்ப ஒட்டினாள்.

“சொல்ல மாட்டீங்க. பரவால்ல, இதுவே சொல்லும். அடுத்தது இன்னா வருதுன்னு பார்க்கறேன்” என்று சொல்லி அடுத்த சொல்லைத் தட்டினார். நான் எட்டிப் பார்த்தேன். ‘நான்’ என்று விழுந்தது. பட்டையில் அடுத்ததாக நாலு என்ற எண் நின்றது. அதையும் தட்டினால் மாசம் வரும். மாசம் வந்தால் யார் என்று கண்டுபிடிக்க அவருக்கு எவ்வளவு நேரம் ஆகும்.

“சார், போன குடுங்க” என்றேன். “லோடிங் போட்டோ போகல. போட்டோ போகாம செக்யூரிட்டி வண்டிய வுட மாட்டான். டிரைவர் அங்க கத்திகினு கீறான்.”

அது என் வேலை. லோடு ஏற்றியதும் நான் போட்டோ எடுத்துக் குரூப்பில் போட வேண்டும், அதைப் பார்த்துத்தான் கேட்டைத் திறப்பார்கள். வண்டி நின்றால் அவருக்கு இன்னொரு திட்டு. முறைத்துக்கொண்டே கொடுத்தார். “அனுப்பிட்டு நேரா என் கைல குடு.”

வண்டியில் லோடு ஏற்றுகிற டாக் பக்கம் போனேன். போட்டோ எடுத்தேன், அனுப்பினேன். வண்டியின் மறைவில் நின்று கீபோர்டைத் திறந்தேன். கமா பட்டனை அழுத்திப் பிடித்தால் செட்டிங் வரும். அதில் திருத்தம் என்கிற பகுதிக்குப் போய் ஆட்டோ கரெக்‌ஷனை அணைத்தேன். அடுத்த சொல்லை எடுத்துக் கொடுப்பதை அணைத்தேன். மேலே இருக்கிற பட்டையையே அணைத்தேன். ஆனால் அது போதாது. அணைத்தது மறைவதோடு சரி, திரும்ப ஆன் செய்தால் பழைய சொல்லெல்லாம் வந்து நிற்கும். கற்றதை மறக்கச் செய்ய வேறு இடத்துக்குப் போக வேண்டும். பிரைவசி என்கிற பகுதியில் கற்றுக்கொண்ட சொற்களை அழி என்று ஒன்று இருந்தது. தட்டினேன். உடனே அழிக்குமா, அழிக்காது. ஒரு எண்ணைக் காட்டி அதை அப்படியே அடி, அப்போதுதான் அழிப்பேன் என்றது. அந்த நேரத்தில் அந்த போனைத் தூக்கி டயருக்கடியில் போடலாமா என்று வந்தது. வியர்வைக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அடித்தேன். அழிந்தது.

திரும்பப் போய்க் கொடுத்தேன். சார் என்று அடித்துப் பார்த்தார். மேலே வெறுமையாக இருந்தது. திரும்பவும் அடித்தார்.

“இன்னாம்மா பண்ண?”

“ஆட்டோ கரெக்ட் ஆஃப் பண்ணேன் சார். கேரளா கேரளான்னு போவுதுன்னு நீங்கதான பேஜாரு பண்ணீங்க.”

“பெரிய ஆளு நீ” என்றார். “கேமரா கீது. யார் யார் போன எடுத்தீங்கன்னு ஒவ்வொரு நாளா பார்க்கறேன். அவள இன்னிக்கே வெளிய தள்ளறேன்.”

அந்தக் கணம்தான் எனக்கு எல்லாம் பொங்கியது. ஒரு பெண் ஒண்ணுக்குப் போக வேண்டும் என்று அடித்ததற்குக் கேமரா போட்டுப் பார்ப்பானாம். நான் பர்மனென்ட். அத்தனை வருஷம் அந்த யூனிட்டில் பெட்டி ஒட்டியவள். என்னை அத்தனை சுலபமாகத் தள்ள முடியாது, தள்ளினாலும் தள்ளட்டும் என்று தோன்றியது. அவர் கையிலிருந்து போனை வாங்கினேன். பிடுங்கினேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஒவ்வொரு எழுத்தாக அடித்தேன். எதுவும் எடுத்துக் கொடுக்கவில்லை, எதையும் மாற்றவில்லை. ‘சார், எங்கள டாய்லெட்டுக்கு விடறது இல்ல. பேக்கிங்ல யாரையும் விடறது இல்ல. காலைல வந்த மெசேஜ் தப்பு இல்ல, நெஜம்.’ கீழே என் பேரைப் போட்டேன். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அனுப்பினேன்.

“படிச்சிப் பாருங்க சார்” என்றேன். “எல்லாம் நான் அடிச்சதுதான்.”

மறுநாள் செக்ஷன் சுவரில் ஒரு தாள் ஒட்டினார்கள், பாத்ரூம் போக யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை என்று. என்னை மோல்டிங் பக்கம் மாற்றினார்கள், சூட்டில் நிற்கிற வேலை. போகட்டும். கேமராவை யாரும் பார்க்கவில்லை. சூப்பர்வைசர் தன் குட் மார்னிங்கை முழுசாக, திரையைப் பார்த்து அடித்துக்கொண்டிருந்தார். அவள் அவர் எதிரிலேயே எழுந்து பாத்ரூம் போய்விட்டு வந்தாள் என்று எனக்குச் சேதி வந்தது.

ஆனால் வயிறு எத்தனை நாள் மறையும். அது தெரிந்த அடுத்த மாதம் அவளுக்குப் பாஸ் வரவில்லை. கேட்டில் நிறுத்தி, கான்ட்ராக்டரைப் போய்ப் பார் என்றார்கள். கான்ட்ராக்டர் போன் எடுக்கவில்லை. நான் மேனேஜருக்கு எழுதினேன், அவர் படித்த அடையாளம் வந்தது, பதில் வரவில்லை. இந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அதற்கு முன்பே ஒருநாள் ரயிலில் அவள் சொந்த போனையும் வாங்கி, அதிலும் ஆட்டோ கரெக்‌ஷன், பட்டை எல்லாவற்றையும் அணைத்துக் கொடுத்திருந்தேன். பாஸ் நின்ற வாரம், ஷிஃப்ட் முடிந்து லாக்கரிலிருந்து என் போனை எடுத்தபோது அவளிடமிருந்து ஒரு மெசேஜ் இருந்தது. அவள் பேச்சு அப்படியே, ஒரு எழுத்து மாறாமல்.

‘அக்கா, ஊட்லதான் கீறேன். இப்ப எத்தினி வாட்டி வேணாலும் போறேன். யாரையும் கேக்க வேணாம்.’