வராத இரண்டாவது ஆள்

மற்றவர்கள் வேலை தேடுவார்கள். என் அக்கா வீட்டுக்காரர் வேலை நிஜமாகவே இருக்கிறதா என்று தேடுவார். அவர் பார்த்துவந்த கிடங்கை மூடிவிட்டார்கள். அதன் பிறகு மாமாவுக்கு வேலை விளம்பரம் என்றாலே சந்தேகம். சும்மா சொல்லக்கூடாது, பாதி நேரம் அந்தச் சந்தேகம் சரியாகத்தான் இருந்தது.

நான் வேறொரு கம்பெனியில் ஆள் எடுக்கும் பிரிவில் இருக்கிறேன். ஆகவே புலம்பலெல்லாம் என்னிடம்தான் வரும்.

"இதைப் பாரும்மா. பெரிய கம்பெனி, ஸ்டோர்ஸ் சூப்பர்வைசர். மாசா மாசம் தேதி மட்டும் புதுசா மாறுது. உள்ள ஒரு எழுத்துகூட மாறல. அப்ளை பண்ணினா அடுத்த நிமிஷமே 'நன்றி'ன்னு மெயில். அதோட சரி."

"யார்கிட்ட ரிப்போர்ட் பண்ணணும், எப்போ சேரணும்னு ஏதாச்சும் இருக்கா?"

"ஒண்ணும் இல்ல. சம்பளமும் போடல."

"அப்ப அது பேய் விளம்பரம் மாமா. பட்ஜெட் வந்திருக்காது. நாளைக்கு ஆள் தேவைப்பட்டா கைல இருக்கட்டும்னு பயோடேட்டா சேர்ப்பாங்க. இல்லேன்னா கம்பெனி வளருதுன்னு காட்டிக்குவாங்க. எங்க ஆபீஸ்லயும் நாலஞ்சு தொங்குது."

அவருக்கு மனசு ஆறவில்லை. காரணம் இருந்தது. ஊர்க்கோடியில் ஒரு எடைமேடையில் லாரிகளுக்கு எடை போட்டு ரசீது கொடுக்கும் வேலைக்கு அவரைக் கூப்பிட்டிருந்தார்கள். சம்பளம் பழையதில் பாதி. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். பெரிய கம்பெனி நிஜம் என்றால் காத்திருக்கலாம். பொய் என்றால், காத்திருந்ததில் எடைமேடையும் கைநழுவிப் போய்விடும். அக்கா பேசுவதையே குறைத்துவிட்டாள். அவள் கத்தினால்கூடத் தேவலை என்று எனக்கு இருந்தது.

வியாழக்கிழமை மாமா நேராகக் கம்பெனிக்கே போனார். வரவேற்பில் இருந்த பெண், "திறமையானவங்களை நாங்க எப்பவும் தேடிக்கிட்டேதான் சார் இருக்கோம்" என்று சிரித்து அனுப்பிவிட்டாள். தேடுகிறவர்கள் வாசலில் வந்து நிற்பவரைப் பார்க்க மாட்டார்களா? எனக்கு இதைக் கேட்டபோதே பற்றிக்கொண்டு வந்தது.

வெளியே வந்தவர் எதிர்க்கடையில் டீ சொன்னார். பக்கத்தில் ஒருவர் இடுப்பில் பெரிய சாவிக்கொத்தோடு, ஒரு போனைத் தோளில் இடுக்கி, இன்னொன்றைக் கையில் பிடித்துக்கொண்டு, நின்றபடியே பன்னை விழுங்கிக்கொண்டிருந்தார். மாமாவின் கையில் இருந்த ஃபைலைப் பார்த்ததும் இரண்டு போனையும் அணைத்தார்.

"ஸ்டோர்ஸுக்கா? சூப்பர்வைசரா?"

"ஆமா, வந்து..."

முடிக்க விடவில்லை. மாமாவை அப்படியே கட்டிக்கொண்டார். "வந்துட்டீங்களா! உங்களுக்கு நாற்காலி போட்டு தினமும் துடைச்சு வச்சிருக்கேன் சார். ஃபேன்கூட உங்க பக்கம் திருப்பியாச்சு. ரெண்டு பேர் வேலையை நான் ஒத்தையா பாக்கறேன். எப்போ கேட்டாலும் 'விளம்பரம் போட்டிருக்கோமே, பாக்கலையா'ங்கறாங்க. நீங்க வர்ற வரைக்கும் லீவே எடுக்கக்கூடாதுன்னு இருந்தேன்."

மாமா தயங்கித் தயங்கிக் கேட்டார். "இத்தனை நாள்ல யாரையாச்சும் இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டாங்களா?"

"இல்ல."

"உங்ககிட்ட ஒரு பயோடேட்டாவாச்சும் காட்டினாங்களா?"

"இல்லையே."

"நானே ஏழு தடவை அனுப்பியிருக்கேன்."

சாவிக்கொத்துக்காரரின் முகம் தொங்கிப்போய்விட்டது. உள்ளே இருந்தவர் வெளியாளுக்காகக் காத்திருந்திருக்கிறார். வெளியே இருந்தவர் உள்ளே கூப்பிடுவார்கள் என்று காத்திருந்திருக்கிறார். இருவரையும் ஒரே விளம்பரம் ஏமாற்றியிருக்கிறது. அந்த மனுஷர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாராம். மாமா பன்னுக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டு வந்தார்.

மறுநாள் காலை சாவிக்கொத்து மேலாளரின் மேஜைமேல் விழுந்தது. ஆள் வேலையை விட்டுவிட்டார்.

சனிக்கிழமை மாமாவுக்குப் போன். அந்த வரவேற்புப் பெண் இல்லை, ஆள் எடுக்கும் மேடமே பேசினார். ஸ்பீக்கரில் போட்டோம். அக்கா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள்.

"சார், உங்க அனுபவம் எங்களுக்கு ரொம்பப் பொருத்தம். திங்கட்கிழமையே சேரலாம். பழைய சம்பளம் தர்றோம்."

அக்கா மாமாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். நான் ஸ்பீக்கர் சத்தத்தைக் கூட்டினேன்.

"ஸ்டோர்ஸ்ல எத்தனை பேர் மேடம்?" என்றார் மாமா.

"இப்போதைக்கு நீங்கதான். கொஞ்ச நாள் தனியா சமாளிக்கணும். ரெண்டாவது ஆளுக்கு விளம்பரம் ஏற்கெனவே போட்டிருக்கோம். சீக்கிரம் வந்துடுவாங்க."

மாமா அக்காவைப் பார்த்தார். அக்கா தோளிலிருந்து கையை எடுத்தாள். பிறகு, இத்தனை மாதத்தில் முதல் தடவையாக, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வேண்டாம் என்று தலையையும் ஆட்டினாள்.

"ரொம்ப நன்றி மேடம். நான் வர்றேன்."

"அப்போ திங்கட்கிழமை..."

"ரெண்டாவதா வர்றேன். முதல் ஆளை எடுத்துட்டு கூப்பிடுங்க."

போனை வைத்த கையோடு எடைமேடைக்குக் கூப்பிட்டு, சேர்கிறேன் என்று சொன்னார்.