லத்தீபாவுக்குப் போகாத அட்டை

ரங்கூன் மொகல் தெருவில் ஒரு துணிக்கடையின் வாசலை ஒட்டி மேசை போட்டு மனு எழுதிக்கொண்டிருந்தவர் ராஜரத்தினம். அவரைப் போல மனு எழுதுகிறவர்கள் அந்தத் தெருவில் நாலைந்து பேர் இருந்தார்கள். ஆனால் கெடு நோட்டு வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான்.

நீளமான நோட்டு அது. மாதத்துக்கு இரண்டு பக்கம். யாருடைய தாள் எப்போது காலாவதியாகிறது என்று அதில் எழுதி வைத்திருப்பார். மோட்டார் ஓட்டுகிறவர்களுக்கு வருஷத்துக்கு ஒருமுறை போலீஸ் ஆபீசில் லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டும். அவர்களுக்கு மூன்று வாரம் முன்னால் அஞ்சலட்டை போகும். பாஸ்போர்ட் என்றால் ஐந்து மாதம் முன்னால். சென்னைக்குக் கப்பலேற யாருக்கும் பாஸ்போர்ட் தேவைப்படாத காலம் அது. சயாமுக்கும் சைகோனுக்கும் போய்வருகிற குடும்பங்களுக்கு மட்டும் அது வேண்டும். அதிலும் சைகோன் பயணத்துக்கு வேலை அதிகம். முதலில் இங்கே செக்ரடேரியட்டில் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க வேண்டும். பிறகு அதைக் கல்கத்தாவுக்குக் கப்பல் தபாலில் அனுப்பி, பிரெஞ்சு கான்சல் ஆபீசில் விசா முத்திரை வாங்கி வரவழைக்க வேண்டும். கெடு முடியப் போகிற புத்தகத்தில் அவர்கள் முத்திரை போடமாட்டார்கள். ஐந்து மாதம் என்பது ராஜரத்தினம் அனுபவத்தில் கண்டுபிடித்த கணக்கு. பதினோரு வருஷத்தில் ஒரு கெடுவையும் தவறவிட்டதில்லை என்று அவரே சொல்லிக்கொள்வார். உண்மையும் அதுதான், 1929ஆம் வருஷம் வைகாசி வரைக்கும்.

அந்த வைகாசியில் தமிழர் சங்கம் ஒன்றின் ஆண்டு விழாவுக்கு வரவேற்புரை வாசிக்கும்படி அவரைக் கேட்டுக்கொண்டார்கள். மற்றவர்களுக்காகவே எழுதிய மனிதருக்குத் தம் பெயரில் எழுதி மேடையில் நின்று வாசிக்க ஒரு வாய்ப்பு. இரண்டு வாரம் அதை எழுதினார், அடித்தார், மறுபடி எழுதினார். லத்தா பேட்டையில் இருந்த தம் அறையில் நின்றுகொண்டு சத்தமாக வாசித்துப் பார்த்தார். விழாவன்று கைதட்டல் கிடைத்தது. அந்த இரண்டு வாரமும் நோட்டின் பக்கத்தைத் திருப்பவில்லை. பிறகு திருப்பியபோது லைசென்ஸ்காரர்களுக்கு மட்டும் அவசரமாக அட்டைகளை எழுதிப் போட்டார். கீழே இருந்த ஒரு பாஸ்போர்ட் வரியை, அதற்குத்தான் நாள் இருக்கிறதே, நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டார். மறுநாள் மழை பிடித்துக்கொண்டது. பிறகு நினைவே வரவில்லை.

அந்த வரி லத்தீபாவுடையது.

லத்தீபா நாகூர்க்காரி. கணவர் இறந்தபின், நானா என்று அவர் கூப்பிடும் அண்ணன் ரஹ்மத்துல்லாவின் வீட்டில் இருந்தார். ரஹ்மத்துல்லாவுக்குக் கைலிக்கடை. லத்தீபாவின் ஒரே மகள் நூர் பீவியைச் சைகோனில் கடை வைத்திருந்த காரைக்கால் மாப்பிள்ளைக்குக் கொடுத்திருந்தார்கள். அந்தக் கல்யாணத்துக்காக 1924இல் எடுத்த பாஸ்போர்ட், ஐந்து வருஷக் கெடு, ஐப்பசிக் கடைசியில் முடிகிறது. ஐந்து வருஷம் கழித்து நூர் பீவிக்குப் பிள்ளை உண்டாகியிருந்தது. கார்த்திகையில் பேறுகாலம். ஐப்பசி நடுவில் பினாங்கு கப்பலேறி, சிங்கப்பூரில் பிரெஞ்சுக் கப்பலுக்கு மாறிப் போய்விட வேண்டுமென்று லத்தீபா நாள் எண்ணிக்கொண்டிருந்தார்.

புரட்டாசியில் ஒரு காலை ரஹ்மத்துல்லா பாஸ்போர்ட்டைக் கையில் எடுத்துக்கொண்டு மேசைக்கு வந்தார். தங்கச்சி பயணம் போகிறாள், தாளெல்லாம் சரியாக இருக்கிறதா பாருங்கள் என்றார். ராஜரத்தினம் புத்தகத்தைத் திறந்தார். ஐப்பசிக் கடைசி வரைக்கும்தான் கெடு, கல்கத்தாவுக்குப் போய்வர நாள் போதாது. நோட்டைப் புரட்டினார். லத்தீபாவின் பெயருக்கு நேரே அட்டை போட்டதற்கான குறி இல்லை.

அந்த நேரத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் மேசையைச் சுற்றி மூன்று டிரைவர்கள் நின்றிருந்தார்கள். நோட்டுக்கு இருந்த நல்ல பெயர்தான் அவருடைய பெயர்.

“வைகாசியிலேயே அட்டை போட்டேனே, வரலையா?” என்றார்.

சொன்னபடியே, நோட்டைத் தம் பக்கம் சாய்த்துக்கொண்டு அந்த வரிக்கு நேரே பேனாவால் ஒரு குறி போட்டார்.

ரஹ்மத்துல்லா சந்தேகப்படவில்லை. அட்டைகள் கடைக்கு வரும். மதியம் சாப்பாட்டுக்குப் போகும்போது அவர் வீட்டுக்கு எடுத்துப்போய்த் தங்கச்சியிடம் கொடுப்பார். தான் கொடுத்து அவள் தொலைத்திருக்க வேண்டும் என்று முடிவு கட்டிவிட்டார். அன்று அவர் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போகவில்லை; முக்காடிட்டுக் கடைக்குச் சோறு கொண்டுவந்த லத்தீபாவை வாடிக்கையாளர்கள் முன்னாலேயே திட்டித் தீர்த்தார். எழுத்துத் தெரியாதவளை நம்பித் தாளைக் கொடுத்தது என் தப்பு என்றாராம். இது ராஜரத்தினத்துக்கு அடுத்த நாள் ஒரு டிரைவர் சொல்லித் தெரிந்தது. லத்தீபா இரண்டு நாளாகப் பெட்டி படுக்கையெல்லாம் பிரித்துப் போட்டுத் தேடினாராம். மூன்றாம் நாள் ரஹ்மத்துல்லா வந்து, தங்கச்சி உங்களிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னாள் என்றார். ஐயா நேரத்தில் சொல்லியும் நான் கெடுத்துவிட்டேன் என்று அழுகிறாள் என்றார். ராஜரத்தினம் பரவாயில்லை என்று சொன்னார். அந்தச் சொல்லைச் சொன்ன பிறகு அன்று முழுவதும் அவரால் ஒரு மனுவும் உருப்படியாக எழுத முடியவில்லை.

பரிகாரம்போல ஓடினார். செக்ரடேரியட் வராந்தாவில் நாள்தோறும் நின்றார். அங்கே குமாஸ்தாவாக இருந்த ஊ பா தின் என்ற பர்மியர் அவருக்குப் பழக்கம். பழைய கோப்பைத் தேடியெடுக்க வேண்டும், போலீஸ் விசாரணைக்கு அனுப்ப வேண்டும், வரிசையை மீற முடியாது என்று அவர் பொறுமையாகச் சொன்னார். நடுவில் பூஜை விடுமுறை வந்தது. தொடர்ந்து பர்மியர்களின் தீபத் திருநாள். பாஸ்போர்ட் புதுப்பித்து வந்தபோது பினாங்கு கப்பல் போய் ஒரு வாரம் ஆகியிருந்தது. அன்றே அதைக் கல்கத்தாவுக்கு ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பினார். சாவகாசமாகத்தான் அங்கிருந்து வரும் என்று அவருக்குத் தெரியும். ரஹ்மத்துல்லா அவர் படும் பாட்டைப் பார்த்து நெகிழ்ந்துபோனார். உங்களைப் போல் யார் அலைவார்கள் என்று கடையில் எல்லோரிடமும் சொன்னார். ராஜரத்தினம் அந்தக் கடை வழியாகப் போவதை விட்டு லான்மடாவ் தெருப் பக்கம் சுற்றிப் போக ஆரம்பித்தார்.

கார்த்திகை முடிகிற நேரத்தில் லத்தீபாவின் வீட்டிலிருந்து ஆள் வந்தது. ரஹ்மத்துல்லா மோல்மேனுக்குச் சரக்கு எடுக்கப் போயிருந்தார். சைகோனிலிருந்து கடிதம் வந்திருக்கிறது, வாசித்துக் காட்டி பதில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார்கள். மறுக்க வழியில்லை.

கூடத்தில் அவருக்கு ஒரு பெஞ்சு போட்டிருந்தார்கள். உள்ளறை வாசலில் திரை. திரைக்குப் பின்னால் லத்தீபா உட்கார்ந்திருந்தார். ராஜரத்தினம் கடிதத்தைப் பிரித்து வாசித்தார்.

பெண் குழந்தை பிறந்திருந்தது. நலமாக இருக்கிறது. ஆனால் பிறந்த அன்றே நூர் பீவிக்குக் காய்ச்சல் கண்டு மூன்று நாள் நினைவு தப்பிக் கிடந்திருக்கிறாள். மாமியார் காரைக்காலில், வீட்டில் மாப்பிள்ளையும் வேலைக்கிருந்த உள்ளூர் அன்னமியக் கிழவியும்தான். ‘நான் உம்மா உம்மா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தேனாம். அந்தக் கிழவிக்கு நம் பேச்சுத் தெரியாது. அது ஏதோ மருந்தின் பெயர் என்று நினைத்து, கடைக்கு ஆள் அனுப்பி விசாரித்தாளாம். இப்போது சொல்லிச் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அட்டையை நீங்கள் தொலைத்துவிட்டதாக மாமா எழுதியிருந்தார். ஒரு தாளைப் பத்திரமாக வைக்க உங்களுக்கு ஏன் முடியவில்லை?’

ராஜரத்தினம் கடைசி வரியை விட்டுவிடலாமா என்று நினைத்தார். வாசித்துவிட்டார்.

பிறகு லத்தீபா பதில் சொல்லத் தொடங்கினார். சலாம், துஆ, குழந்தைக்கு வைக்க வேண்டிய பெயர், குளிப்பாட்டுகிற பக்குவம். ராஜரத்தினம் எழுதிக்கொண்டே வந்தார்.

“இதையும் எழுதுங்கய்யா. தப்பு உம்மாவோடதுதான். தாளு நேரத்துல வந்துச்சு. நான்தான் தொலைச்சுட்டேன்னு எழுதுங்க.”

பேனா ‘தாள் நேரத்தில் வந்தது’ என்பது வரை எழுதியது. அதற்கு மேல் அவர் கை ஓடவில்லை. லத்தீபா காத்திருந்துவிட்டு, எழுதிவிட்டீர்களா என்று கேட்டார்.

“நான் அட்டை போடவே இல்லம்மா,” என்றார் ராஜரத்தினம். “போட்டேன்னு பொய் சொன்னேன். குறியக்கூட அப்பறந்தான் போட்டேன்.”

லத்தீபா திரைக்கு அருகில் நகர்ந்து வந்தார்.

“அப்ப நான் தொலைக்கல?”

“தொலைக்கறதுக்கு உங்க கைக்கு ஒண்ணும் வரவே இல்ல.”

“அரிசிப் பானையக் கவுத்துத் தேடுனேன்,” என்றார் லத்தீபா. குரல் உயரவில்லை. “எனக்குப் புத்தி கெட்டுப்போச்சோன்னு நெனச்சேன்.”

ராஜரத்தினம் எழுந்து நின்றார். என்ன தண்டனை சொன்னாலும் ஏற்பதாகச் சொன்னார். அந்தப் பேச்சு அவர் காதுக்கே வரவேற்புரை போல ஒலித்தது, பாதியில் நிறுத்திவிட்டார்.

“உக்காருங்க. அந்தத் தாளக் கிழிச்சுட்டு உள்ளபடி எழுதுங்க. அப்பறம் நானா வந்ததும் நீங்களே போயிச் சொல்லுங்க. கடையில வச்சு சொல்லுங்க. என்னையக் கடையிலதான் பேசுனாங்க.”

அவர் உட்கார்ந்து புதுத் தாள் எடுத்தார். மனு எழுதும் ராஜரத்தினம் அட்டை அனுப்பவில்லை, அனுப்பியதாகப் பொய் சொன்னார் என்று தம் கையெழுத்தில், அந்த அம்மாளின் குரலில் எழுதினார். லத்தீபா வாசித்துக் காட்டச் சொன்னார். வாசித்தார். அந்த இடத்தை இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார்.

நான்கு நாள் கழித்து, ரஹ்மத்துல்லா திரும்பிய மறுநாள், ராஜரத்தினம் கடைக்குப் போனார். ஆட்கள் நிறைய இருந்த நேரமாகப் பார்த்துத்தான் போனார். அதையாவது சரியாகச் செய்ய வேண்டும் என்று நினைத்தார். சொல்லி முடித்தபோது கைலி விரித்துக் காட்டிக்கொண்டிருந்தவர் விரித்தபடியே நின்றார். ரஹ்மத்துல்லா அடிக்கவில்லை, திட்டவுமில்லை. அவருடைய முகம்தான் சிவந்து தாழ்ந்தது. தங்கச்சியை என்னவெல்லாம் பேசினோம் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். “போயிட்டு வாங்க” என்று மட்டும் சொன்னார்.

செய்தி தெருவில் பரவ ஒரு நாள்கூட ஆகவில்லை. லைசென்ஸ்காரர்கள் வந்து, என் அட்டையை நிஜமாகவே போட்டீர்களா என்று கேட்டார்கள். கேலிக்குக் கேட்டவர்களும் உண்டு, கவலையோடு கேட்டவர்களும் உண்டு. எல்லோருக்கும் நோட்டைத் திருப்பிக் காட்டினார். சிலர் வேறு மேசைக்குப் போனார்கள். அதன் பிறகு பாஸ்போர்ட்காரர்களுக்கு அவர் அட்டை போடுவதில்லை. தாமே நடந்து போய்ச் சொல்லிவிட்டு, கேட்டுக்கொண்டதற்கு அவர்களின் கையெழுத்தையோ கைரேகையையோ வாங்கிக்கொண்டு வருவார். வேலை இரண்டு பங்கானது. ஆனால் பழைய மதிப்பு வரவில்லை. வர வேண்டும் என்று அவரும் எதிர்பார்க்கவில்லை.

மார்கழி முதல் வாரத்தில் கல்கத்தாவிலிருந்து புத்தகம் விசாவோடு வந்தது. அவரே கொண்டுபோய்க் கொடுத்தார். கிறிஸ்துமஸ் வாரக் கப்பலுக்கு இடம் சொல்லியாகியிருந்தது. கூடத்தில் ரஹ்மத்துல்லா இருந்தார். திரைக்குப் பின்னாலிருந்து கை நீண்டு புத்தகத்தை வாங்கியது. புது கெடு எந்த இடத்தில் எழுதியிருக்கிறது என்று லத்தீபா கேட்டார். ராஜரத்தினம் பக்கத்தையும் வரியையும் சொன்னார். எந்த எண் என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நாள், மாதம், வருஷம் என்று அவர் சொல்லச் சொல்ல, உள்ளே சிலேட்டில் குச்சி தேயும் சத்தம் கேட்டது.

அடுத்த கெடுவை நோட்டில் குறித்துக்கொள்ளட்டுமா என்று ராஜரத்தினம் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“வேணாங்கய்யா,” என்றார் லத்தீபா. “நான் பாத்துக்கறேன்.”

ராஜரத்தினம் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினார்.