எண்பதில் ஒரு பங்கு

என் தம்பியை ஆஸ்பத்திரியில் எல்லோரும் 'மடிப்பு' என்றுதான் கூப்பிடுவார்கள். சலவைப் பிரிவில் வேலை. நோயாளிகளின் படுக்கை விரிப்புகளை அவன் மடித்து அடுக்கினால் செங்கல் சுவர் போல இருக்கும், ஓரம் பிசிறாது. வீட்டிலும் அப்படித்தான். நான் தைத்து முடித்த ரவிக்கைகளை அவன் மடித்துக் கொடுத்தால்தான் எனக்குத் திருப்தி. நான் எட்டாவதோடு நின்றவள், அவன் பத்தாவது. அவனுக்குப் பெரிய படிப்பில்லை. ஆனால் தொட்ட வேலையை அவ்வளவு சுத்தமாகச் செய்கிற ஆளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அக்கா என்பதால் சொல்லவில்லை.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாலு வருடம் அவன் அரை நாள்தான் பார்த்தான். அப்போது எங்கள் அம்மா படுத்த படுக்கை. காலையில் நான் பார்த்துக்கொள்வேன், மதியத்திலிருந்து அவன். அம்மா போன பிறகு முழு நாளுக்கு மாறினான். கல்யாணம், ஒரு பெண் குழந்தை எல்லாம் அதற்குப் பிறகு.

இரண்டு வருடத்துக்கு முன்பு இருமல் ஆரம்பித்தது. கொதிநீர் ஆவி, சோடா நெடி, பறக்கும் பஞ்சு எல்லாம் நெஞ்சுக்குள் போயிருந்தன. போன வருடம் டாக்டர், "இந்த வேலையை இன்னையோட விடுங்க" என்று சொல்லிவிட்டார்.

தம்பி விடவில்லை. காரணம் ஒரு தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வருடத்துக்கு ஒரு முறை வரும். அதில் இரண்டு வரி. 'ஓய்வூதியத்துக்கான தகுதிக் காலம்: பத்து ஆண்டுகள்.' அதற்குக் கீழே, 'தங்கள் கணக்கிடத்தக்க பணி' என்று போட்டு, எட்டரை ஆண்டு. பத்து வேண்டும், எட்டரைதான் இருக்கிறது. இடையில் விட்டால் ஒன்றும் கிடைக்காது. அவன் அப்படித்தான் புரிந்துகொண்டான். அவன் மட்டுமா? சலவைப் பிரிவே அப்படித்தான் புரிந்துகொண்டது. நாங்களும்.

"பத்து முடிஞ்சா நான் ராஜா, அக்கா," என்பான். "அதுவரைக்கும் போர்வைக்குக் கூஜா தூக்கணும்." சொல்லிவிட்டுச் சிரிப்பான். சிரித்தால் இருமல் வந்துவிடும்.

அவன் மனைவியும், "இன்னும் கொஞ்ச நாள்தானே, பல்லைக் கடிச்சுக்கிட்டு ஓட்டிடுங்க" என்றுதான் சொன்னாள். வேறென்ன சொல்லுவாள்? அவன் கணக்குப்படி இன்னும் அரை வருடம் பாக்கி இருந்தபோது, ஒரு நாள் வேலைக்குக் கிளம்பியவன் செருப்பை மாட்டக் குனிந்தான். அப்படியே சாய்ந்துவிட்டான்.

காரியம் எல்லாம் முடிந்து கொஞ்ச நாள் கழித்து ஒரு கடிதம் வந்தது. கிடைக்காது என்று சொல்லத்தான் கடிதம் போட்டிருப்பார்கள் என்று தம்பி மனைவி அதைப் பிரிக்காமலே என்னிடம் கொண்டுவந்தாள். நான் விரல் வைத்து இரண்டு முறை படித்தேன். 'மறைந்த பணியாளர் தகுதிக் காலத்தை நிறைவு செய்துள்ளதால் குடும்ப ஓய்வூதியம் அனுமதிக்கப்படுகிறது. கணக்கிடத்தக்க பணி: ஒன்பதரை ஆண்டு. திரள்வு வீதம்: எண்பதில் ஒரு பங்கு.'

"அண்ணி, குடுக்குறாங்களா, இல்லையா?"

"குடுக்குறோம்னுதான் எழுதியிருக்கு. ஆனா ஒன்பதரைன்னும் எழுதியிருக்கே."

"அப்போ தப்பா எழுதிட்டாங்க," என்றாள். "ரெண்டு மாசம் குடுத்துட்டு அப்புறம் திருப்பிக் கேப்பாங்க. பிள்ளை பள்ளிக்கூடத்துக்குக் கட்டிட்டேன்னா நான் எங்கே போவேன்?"

மறுநாள் இரண்டு பேரும் ஆஸ்பத்திரி அலுவலகத்துக்குப் போனோம். மாடியில் கடைசி அறை. மேசைக்குப் பின்னால் இருந்தது சின்ன வயதுப் பெண்தான், நன்றாகப் பேசினாள். கடிதத்தைப் பார்த்தாள், கம்ப்யூட்டரைப் பார்த்தாள்.

"தப்பெல்லாம் இல்லைம்மா. நல்ல செய்திதான். பயப்படாதீங்க."

"பத்து வருசம் முடியலையே?" என்றேன்.

"அது ரெண்டும் வேற வேற கணக்கும்மா. தகுதிக் காலம்னா, சேர்ந்த நாள்லேருந்து எத்தனை வருசம் வேலையில இருந்தார்னு பாக்குறது. பென்ஷன் உண்டா இல்லையாங்குறதுக்கு மட்டும்தான் அது. அதுல அரை நாள் பாத்தாலும் ஒரு வருசம் ஒரு வருசம்தான். உங்க தம்பிக்கு அது பதினொன்றரை."

"அப்போ ஒன்பதரை?"

"அது கணக்கிடத்தக்க பணி. எவ்வளவு பென்ஷன்னு கணக்குப் போடுறதுக்கு. அங்கேதான் அரை நாள் வருசத்தைப் பாதியா எடுப்போம். நாலு வருசம் ரெண்டாயிடும். அதோட முழு நாள் பாத்த ஏழரை. மொத்தம் ஒன்பதரை."

"திரள்வுன்னா?"

"அந்தக் கணக்குல ஒவ்வொரு வருசத்துக்கும் சம்பளத்துல எண்பதுல ஒரு பங்கு சேந்துக்கிட்டே வரும். அப்படிச் சேர்றதுதான் திரள்வு. அவருக்கு ஒன்பதரைப் பங்கு சேர்ந்திருக்கு. அதுல பாதி இவங்களுக்கு மாசாமாசம் வரும்."

எனக்கு முதலில் வந்தது நிம்மதிதான். மறைக்க என்ன இருக்கிறது. அவள் கையைப் பிடித்து அழுத்தினேன். அவள் கை அசையவில்லை.

"ஏம்மா," என்று அந்தப் பெண்ணிடம் கேட்டாள். "போன வருசம் டாக்டர் வேலையை விடச் சொன்னார். அப்போ அவருக்கு அந்தத் தகுதி எத்தனை?"

அந்தப் பெண் சட்டென்று சொல்லிவிட்டாள். "பத்தரை. அதுக்கு முந்தியே தகுதி வந்துடுச்சே. டாக்டர் எழுதிக் குடுத்திருந்தா மருத்துவ ஓய்வுல அப்பவே..." சொல்லிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து எங்களைப் பார்த்தாள்.

"அந்த ஒரு வருசம் வேலை பாத்ததுல என்ன கூடிச்சு?"

"அம்மா, அதெல்லாம் இப்போ எதுக்கு..."

"சொல்லும்மா."

"எண்பதுல ஒரு பங்கு. உங்களுக்கு அதுல பாதி."

அவளுக்குத் தம்பியின் சம்பளம் மனப்பாடம். மனதுக்குள் வகுத்துப் பார்த்திருப்பாள். "ஒரு நாள் காய்கறி," என்றாள். சொல்லிவிட்டு, கையெழுத்துப் போடவேண்டிய இடங்களை விரலால் காட்டச் சொல்லிப் போட்டாள்.

படிக்கட்டில் பாதியில் நின்றாள். "வார்டுக்கு விரிப்பு தூக்கிக்கிட்டு இந்தப் படியிலதான் அண்ணி கடைசியில உக்காந்து உக்காந்து ஏறினாராம். நான் தண்ணி பாட்டில் நிரப்பிக் குடுத்து அனுப்புனேன். வீட்டுல இருங்கன்னு ஒரு நாள், ஒரே ஒரு நாள் சொல்லியிருக்கலாம்."

"தெரிஞ்சிருந்தா நீ சொல்லியிருப்பே" என்றேன். அது உண்மைதான். ஆனால் அவளுக்கும் உதவவில்லை, எனக்கும் உதவவில்லை.

தம்பியின் வேலை உடுப்பைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. துவைத்து, அவனைப் போலவே மடிக்கப் பார்த்தேன். ஓரம் நேராக வரவில்லை. நானும் அவளுமாக அதை எடுத்துக்கொண்டு போனபோது, சலவைப் பிரிவில் ஆவிக்கு நடுவே இஸ்திரி அண்ணன் நின்றிருந்தார். தம்பிக்கு அடுத்த மேசை. பெரிய இஸ்திரி இழுத்து இழுத்து இடுப்பு போய், பெல்ட் போட்டுக்கொண்டு நிற்கிறவர்.

"கிடைச்சுதா தங்கச்சி?"

"கிடைச்சுதுண்ணே," என்றாள் அவள்.

"பாத்தியா!" என்று மேசையைத் தட்டினார். "நான் சொல்லல? மடிப்பு பத்தை முடிச்சிட்டுத்தான் போயிருக்கான். கெட்டிக்காரன்! நம்ம கணக்குலதான் எங்கேயோ இடிச்சிருக்கு. எனக்கும் இன்னும் ஒரு வருசந்தான். இந்த இடுப்பு மட்டும் தாங்கிட்டா போதும்."

அவர் முகம் அப்படி மலர்ந்திருந்தது. அதைப் பார்த்துவிட்டு இவள் ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்துவிடுவாள் என்று நினைத்தேன். நானாக இருந்தால் வந்திருப்பேன்.

"அண்ணே, நீங்களும் முதல்ல அரை நாள்தானே பாத்தீங்க?"

"ஆமா, ஒரு ஆறு வருசம். அது பாதிதானே."

"உண்டா இல்லையான்னு பாக்குறதுக்கு அதை முழுசா எண்ணணுமாம். மாடியில கடைசி ரூம். இன்னைக்கே போய்க் கேளுங்க."

அவர் இஸ்திரியை நிமிர்த்தி வைத்தார். விரல் விட்டு எண்ணினார். ஒரு கை முடிந்து, மறு கையும் முடிந்து, மறுபடி முதல் கைக்கு வந்தார். அப்போதுதான் அவருக்கு அது உறைத்தது. பக்கத்தில் காலியாக இருந்த மேசையைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்போ மடிப்பு...?" என்றார்.

அவள் வேலை உடுப்பை அந்த மேசை மேல் வைத்து, பிசிறிய ஓரத்தைக் கையால் நீவினாள். நீவிக்கொண்டே இருந்தாள்.