பதில் வராவிட்டால் ஆட்சேபம் இல்லை

பாடம் குறித்து மாணவர் எழுத்தில் கேட்கும் விளக்கத்துக்கு, படிப்பு மையத்தின் ஒருங்கிணைப்பாளர் பதினைந்து நாட்களுக்குள் எழுத்திலேயே பதில் தர வேண்டும். மாணவர் கையேட்டில் அப்படித்தான் போட்டிருந்தது. அதை எழுதியவரும் நானும் மட்டுமே படித்திருந்தோம் போலிருக்கிறது.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. அப்போது நான் புனேயில், தாபோடிப் பக்கம் ஒரு ராணுவத் தொழிற்சாலையின் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். நாற்பதைத் தாண்டிய பிறகு பணியாளர் நிர்வாகத்தில் தபால்வழி டிப்ளமா சேர்ந்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நகரத்துக் கல்லூரி ஒன்றில் வகுப்பு. அசைன்மென்ட் கொடுத்தால்தான் டிசம்பர் பரீட்சை எழுதலாம்; இல்லையென்றால் ஒரு வருஷம் போச்சு.

அந்த அசைன்மென்டின் முதல் வரி, 'ஏதாவது ஒரு நிறுவனம் விண்ணப்பங்களையும் புகார்களையும் கையாளும் முறையை ஆராய்க' என்றது. இரண்டாவது வரி, 'உங்கள் அலுவலக ஆவணங்களின் நகல்களை இணைக்கவும்' என்றது. என் அலுவலகக் காகிதத்தை அனுமதியின்றி வெளியே கொடுத்தால் எனக்கு சார்ஜ் ஷீட் வரும். வேறு நிறுவனத்தை எடுத்துக்கொள்ளலாமா, கூடாதா?

ஜூலைக் கடைசியில் ஒருங்கிணைப்பாளருக்குப் பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையுடன் கடிதம் போட்டேன். பொருள், பார்வை, மூன்று பத்தி. கடைசிப் பத்தி வழக்கமான அரசாங்க வாசகம்: 'குறித்த காலத்தில் பதில் வராவிட்டால், ஆவணங்கள் என் கைவசமுள்ள எந்த நிறுவனத்தையும் எடுத்துக்கொள்வதில் தங்களுக்கு ஆட்சேபம் இல்லை என்று கொள்ளப்படும்.'

பதில் தபாலில் வரவில்லை, வகுப்பில் வந்தது. ஒருங்கிணைப்பாளர் நம்ம ஊர்க்காரர்தான்; முப்பது பேர் எதிரில் தமிழிலேயே கேட்டார்.

"என்ன சார், கேள்வியே புரியலையா? இந்த வயசுல எதுக்கு இந்தப் பாடு?"

"புரிஞ்சுது சார். ரெண்டு விதமாப் புரிஞ்சுது. எதுன்னு நீங்க சொல்லணும்."

"இது உங்க ஆபீஸ் இல்ல சார், ஃபைல் போட்டு விளையாட. தோணினதை எழுதுங்க."

அதையே ஹிந்தியிலும் ஒருமுறை சொன்னார். தமிழ் தெரியாதவர்களும் சிரிக்க வேண்டுமே.

நினைவூட்டல் ஒன்று அனுப்பினேன். அதற்கும் பதில் இல்லை. அசைன்மென்ட் கொடுக்க வேண்டிய செப்டம்பர் கெடு நெருங்கியது. அவர் சொன்னபடியே தோன்றியதை எழுத உட்கார்ந்தேன். நான் ஆராய எடுத்துக்கொண்ட நிறுவனம், அவருடைய படிப்பு மையம். விண்ணப்பம், என் கடிதம். இணைப்புகள்: கடித நகல், அவருடைய குமாஸ்தா கையெழுத்திட்ட ஒப்புகை அட்டையின் நகல், நினைவூட்டல், கையேட்டின் அந்தப் பக்கம். ஒரு கெட்ட வார்த்தை கிடையாது. இருபது வருஷம் ஆடிட் ஆட்சேபங்களுக்குப் பதில் எழுதிய கை. மரியாதையாகவே தோலை உரிக்கும்.

மனைவி படித்துவிட்டு, "படிக்கப் போறேளா, பழி வாங்கப் போறேளா?" என்றாள்.

"ரெண்டுக்கும் ஒரே ஃபீஸ்தான்" என்றேன்.

கவுண்டரில் கொடுத்து, முத்திரை குத்திய ரசீது வாங்கிக்கொண்டேன். திருத்தியவர் பிம்பிரி கம்பெனி ஒன்றில் பர்சனல் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்ற மராட்டியர். முதல் கிரேடு போட்டு, 'அனைவரும் படிக்க வேண்டியது' என்று ஓரத்தில் எழுதிவிட்டார். திருத்திய தாள்களில் சில, மேற்பார்வைக்காகப் பல்கலைக்கழகத்தின் மண்டல அலுவலகத்துக்குப் போகும் என்பது எனக்குத் தெரியும். ஒருங்கிணைப்பாளருக்கும் தெரியும். அடுத்த ஞாயிறு என்னைத் தனியாக அறைக்குக் கூப்பிட்டார்.

"சார், நாம ஒரே ஊர்க்காரா. இதை வாபஸ் வாங்கிண்டு வேற ஒண்ணு எழுதிக் கொடுங்கோ."

வகுப்பில் இல்லாத 'கொடுங்கோ' அறையில் வந்திருந்தது.

"தாராளமா சார். எழுத்துல கேளுங்க."

"இல்லேன்னா கிரேடு லிஸ்ட் நான்தான் அனுப்பணும், ஞாபகம் இருக்கட்டும்."

"அதையும் எழுத்துல கொடுங்க சார்."

ஆத்திரத்தில் அவர் உண்மையாகவே எழுத்தில் கொடுத்தார். 'தங்கள் கடிதத்துக்குப் பதில்: சொந்த அலுவலகத்தைப் பற்றி மட்டுமே எழுத வேண்டும்; மற்றவை ஏற்கப்படா.' கெடுவுக்கு முன்பே எச்சரித்து, நான் மீறியதாகத் தோன்றும்படி ஆகஸ்ட் பத்து என்று தேதி போட்டிருந்தார். பட்டியலில் என் பெயரையும் விட்டுவிட்டார்.

கடிதத்தோடு உறையையும் நகலெடுத்து, ரசீதையும் சேர்த்து மண்டல அலுவலகத்துக்கு அனுப்பினேன். ஹால் டிக்கெட் வந்தது. டிசம்பரில் எழுதித் தேறினேன். மறு வருஷம் அந்த நாற்காலியில் வேறொருவர் இருந்தார். எனக்கு வருத்தமில்லை, இன்றும் இல்லை.

தேதியை மாற்றத் தெரிந்தவர், கடிதத்தைத் தபாலில் போட்டிருக்கக் கூடாது. கடிதத் தலைப்பில் ஆகஸ்ட் பத்து. உறையின் மேல், துல்லியமான வட்டத்தில், புனே தபால் முத்திரை: நவம்பர் இருபது. மறுநாள் என் கைக்கு வந்தது. அலுவலகப் பழக்கத்தில், உறையின் மூலையில் நானே குறித்து வைத்தேன்: பெறப்பட்டது, நவம்பர் இருபத்தொன்று.